ஆறு, ஐந்தரை, ஐந்து: மேஜர் பாட்டுக்குள் வரும் இரவல் கார்டு

ஞாயிற்றுக்கிழமை தோறும் சோழவந்தானிலிருந்து ஒரு தம்பி ஆரப்பாளையத்தில் இருக்கும் என் மாடி அறைக்குக் கீபோர்டு படிக்க வருகிறார். கை இன்னும் முழுசாகப் பழகவில்லை என்றாலும் சொந்தமாக மெட்டுக் கட்டுகிறார். ஒரு தடவை, தண்ணீர் இல்லாத வைகையைப் பற்றி ஒரு பாட்டோடு வந்தார். அதில் இரண்டு வரி:

ஆத்து மணலில் கால்தடம் இருக்கு
போனவர் வருவார்ன்னு மனசு கிடக்கு

சி மேஜரில் கட்டியிருந்தார். முதல் வரிக்கு சி, அப்புறம் ஏ மைனர். இரண்டாவது வரியில் "போனவர் வருவார்ன்னு" என்பதற்கு எஃப், "மனசு" என்பதற்கும் அதே எஃப், "கிடக்கு" என்று முடியும்போது சி. வாசித்துப் பாடிவிட்டு, "அண்ணே, கார்டு எதுவும் தப்பில்ல. ஆனா ரெண்டாவது வரி சும்மா முடிஞ்சு போகுது. வார்த்தையில இருக்க ஏக்கம் சத்தத்துல வரல" என்றார்.

அவர் சொன்னது சரிதான். "மனசு" என்ற இடத்தில் எஃப் மேஜரை எஃப் மைனராக மாற்றி வாசிக்கச் சொன்னேன். மாறியது ஒரே ஒரு விரல். வாசித்ததும் கையை எடுத்துக்கொண்டு, "இது சி மேஜர்ல இல்லாத கார்டாச்சே, எப்படிண்ணே ஒட்டுது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. மேற்கத்திய இசையில் இதற்கு மோடல் இன்டர்சேஞ்ச் என்று பெயர். நான் வகுப்பில் இரவல் கார்டு என்றே சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டில் இட்லிக் கொப்பரை இரவல் வாங்கி, விசேஷம் முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுப்பதைப் போல, ஒரு கார்டை வாங்கி, வேலை முடிந்ததும் திரும்பக் கொடுத்துவிடுகிறோம்.

எந்த வீட்டிலிருந்து இரவல் வாங்குகிறோம் என்பதில்தான் ஆரம்பத்தில் எல்லோரும் குழம்புகிறார்கள். சி மேஜர் என்றால் கீபோர்டில் வெள்ளைக் கட்டைகள் ஏழு. அவற்றில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றைச் சேர்த்து அமுக்கினால் அந்த ஸ்கேலின் சொந்தக் கார்டுகள் கிடைக்கும். சி, எஃப், ஜி மூன்றும் மேஜர். டி, ஈ, ஏ மூன்றும் மைனர். பி-யில் கிடைப்பது டிமினிஷ்டு, அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆக, மேஜர் பாட்டுக்குள் மைனர் கார்டு வருவது மட்டுமே இரவல் ஆகிவிடாது. தம்பி முதல் வரியில் போட்ட ஏ மைனர் சொந்த வீட்டுச் சாமான்தான். அதில் இருப்பவை ஏ, சி, ஈ. எல்லாமே வெள்ளைக் கட்டை.

"சி மேஜருக்கு உரிய மைனர் எது?" என்று கேட்டால் பலர் ஏ மைனர் என்பார்கள். அது ரிலேட்டிவ் மைனர். இரண்டுக்கும் ஸ்வரங்கள் ஒன்றே, ஆதார ஸ்வரம்தான் வேறு. எல்லாச் சாமானும் நம்மிடமே இருக்கும்போது அங்கே போய் இரவல் வாங்க ஒன்றுமில்லை. நமக்கு வேண்டியது பேரலல் மைனர். சி மேஜருக்கு அது சி மைனர். இங்கே ச மாறாது, அதைச் சுற்றி இருக்கும் சில ஸ்வரங்கள் மாறும். பொதுச் சுவரை வைத்துக் கட்டிய இரண்டு வீடுகளைப் போல, ச என்ற சுவர் இரண்டுக்கும் ஒன்று.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டவர்களுக்கு இதை இன்னும் வேகமாகச் சொல்லிவிடலாம். மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்கள் 29-ஆவது மேளகர்த்தாவான தீரசங்கராபரணத்தின் ஸ்வரங்கள். சாதாரண மைனர் ஸ்கேல் 20-ஆவது மேளகர்த்தாவான நடபைரவி. ஒரே ச வைத்து இரண்டையும் பாடிப் பார்த்தால் ச, ரி, ம, ப நான்கும் அப்படியே இருக்கும். க, த, நி மூன்றும் நடபைரவியில் அரை இறக்கம். இரவல் வாங்குவதெல்லாம் இந்த மூன்று ஸ்வரங்களைச் சுற்றித்தான் நடக்கிறது.

இந்த மூன்றில் ஆரம்பக்காரர் முதலில் தொட வேண்டியது த என்பது என் கருத்து. அதற்கு ஏற்ற கார்டு எஃப் மைனர், அதாவது நாலாவது கார்டின் மைனர் வடிவம். எஃப் மேஜரில் இருப்பவை எஃப், ஏ, சி. எஃப் மைனரில் எஃப், ஏ ஃபிளாட், சி. மூன்றில் இரண்டு நம் வீட்டு ஸ்வரம், ஒன்றுதான் வெளியே இருந்து வருகிறது. முக்கியமாக இது க-வைத் தொடுவதில்லை. ஒரு பாட்டு மேஜரா மைனரா என்று காதுக்குச் சொல்வது க-தான். அதைத் தொடாத வரை மேஜர் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.

சரி, கையை வைத்துப் பாருங்கள். வலது கைக் கட்டைவிரல் சி-யில், நடுவிரல் அதற்கு மேலே உள்ள எஃப்-இல், சுண்டுவிரல் ஏ-யில். இது எஃப் மேஜர்தான், அடுக்கு மட்டும் மாறியிருக்கிறது. இடது கை கீழே எஃப் வாசிக்கட்டும். இப்போது சுண்டுவிரலை மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறக்குங்கள். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் இடத்தில் நடுவில் இருப்பது அது. இதுதான் எஃப் மைனர். அடுத்து சுண்டுவிரல் ஜி-க்கு இறங்கட்டும், நடுவிரல் ஈ-க்கு இறங்கட்டும், கட்டைவிரல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், இடது கை சி-க்குப் போகட்டும். சி மேஜருக்கு வந்துவிட்டீர்கள்.

மூன்று கார்டையும் வாசிக்கும்போது சுண்டுவிரலை மட்டும் கவனியுங்கள். நம் பாடகர்கள் சொல்லும் கட்டைக் கணக்கில் சி ஒரு கட்டை என்றால் ஏ ஆறு கட்டை, ஏ ஃபிளாட் ஐந்தரை, ஜி ஐந்து. ஆறு, ஐந்தரை, ஐந்து என்று அது வழுக்கி இறங்குகிறது. கேட்பவர் நெஞ்சில் தைப்பது இந்த இறக்கம்தான். எஃப் மேஜரிலிருந்து நேரே சி-க்குப் போனால் ஏ-யிலிருந்து ஜி-க்கு ஒரே எட்டில் இறங்கிவிடுகிறோம், காது அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. நடுவில் ஐந்தரையில் ஒரு நொடி நின்றால், விழப்போகிற இலை காற்றில் நிற்பதைப் போல இருக்கும். ஐந்தரை ஐந்தின் மேல் சாய்ந்துகொண்டே நிற்கிறது. எங்கே போகப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும், ஆனால் இன்னும் போகவில்லை. "போனவர் வருவார்ன்னு மனசு" என்று காத்திருக்கும் வார்த்தைக்கு அந்தச் சத்தம் பொருந்தியது இதனால்தான்.

நடுவிரலும் அதே வேலையைச் செய்கிறது. எஃப்-க்கும் ஈ-க்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, ஆகவே அதுவும் அரைத் தூரமே. எஃப் மைனரிலிருந்து சி-க்கு வரும்போது இரண்டு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் அரை அரையாக இறங்கிப் படிகின்றன, ஒன்று அசையாமல் இருக்கிறது. வெளியே இருந்து வந்த கார்டு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்காததற்குக் காரணம் இந்த நெருக்கம். இதே கார்டுகளைக் கை தாவித் தாவி, எஃப்-க்கு ஓரிடம் சி-க்கு வேறிடம் என்று வாசித்தால் பாதி அழகு போய்விடும். பாட்டில் எஃப் மைனர் போட்டும் எடுபடவில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது கையைத்தான். பெரும்பாலும் ஆறு, ஐந்தரை, ஐந்து ஒரே விரலில் தொடர்ந்து வந்திருக்காது.

ஆட்டோ ரிதம் போட்டு இடது கையில் ஒற்றை விரலால் கார்டு பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எஃப் ஒன்றை மட்டும் அமுக்கினால் கீபோர்டு எஃப் மேஜரைத்தான் கொடுக்கும். எஃப், ஏ ஃபிளாட், சி மூன்றையும் விரலால் அமுக்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

சாஸ்திரிய சங்கீதம் படித்தவர்கள் இந்த இடத்தில் நெற்றியைச் சுருக்குவார்கள். சங்கராபரணத்தில் சுத்த தைவதம், அதாவது அரை இறங்கிய இந்த த, எப்படி வரலாம்? ராகமாகப் பாடினால் வரக்கூடாதுதான். ஆனால் வேற்று ஸ்வரத்தை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் அழைத்துவிட்டு அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடமும் உண்டு. காம்போதி ஹரிகாம்போதியின் ஜன்யம், அதற்குரியது அரை இறங்கிய நி-யான கைசிகி நிஷாதம். ஆனாலும் "சநிபதச" என்ற பிடியில் இறங்காத நி-யான காகலி நிஷாதம் வந்து போகும். அதை அந்நிய ஸ்வரம் என்கிறோம், இப்படிப்பட்ட ராகத்தை பாஷாங்க ராகம் என்கிறோம். இரவல் கார்டை அதே கணக்கில் வைக்க முடியாது, ஏனென்றால் ஒன்று ராகத்தின் பிடி, இன்னொன்று கார்டின் நகர்வு. ஆனால் காதுக்கு ஒரு பழக்கம் பொதுவாக இருக்கிறது: வந்த ஸ்வரம் எங்கே வரும், எப்படிப் போகும் என்பது தெளிவாக இருந்தால் அதை அந்நியமென்று தள்ளாது.

இனி தம்பியின் பாட்டுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கே உடனே ஒரு சிக்கல் வந்தது. கார்டை மட்டும் வாசித்தபோது நன்றாக இருந்தது. அவர் பாடிக்கொண்டே வாசித்ததும் "மனசு" என்ற சொல்லின் முதல் எழுத்தில் ஒரு கரகரப்பு. "விரல் தப்பாப் போயிருச்சோ?" என்று குனிந்து பார்த்தார். விரல் சரியாகத்தான் இருந்தது, மெட்டுதான் இடித்தது. அவர் கட்டிய மெட்டில் "மனசு" என்பது த, ப, ம என்று இறங்கி, "கிடக்கு" என்பதில் க-வில் வந்து நிற்கும். அந்த த ஏ, அதாவது ஆறு கட்டை. கீழே எஃப் மேஜர் இருந்தவரை அது கார்டின் சொந்த ஸ்வரம். இப்போது கார்டில் ஐந்தரை ஒலிக்க, குரல் ஆறில் நிற்கிறது. அரைத் தூரத்தில் இரண்டு ஸ்வரம் ஒரே நேரத்தில் ஒலித்தால் உரசத்தான் செய்யும்.

ஆரம்பக்காரர்கள் இரவல் கார்டில் செய்யும் தவறுகளில் இதுதான் அதிகம். சோதிக்கும் வழி எளியது. எஃப் மைனர் ஒலிக்கும் நேரம் முழுவதும் மெட்டில் ஏ வருகிறதா என்று பாருங்கள். வந்து, அதில் குரல் நின்றால் இடிக்கும். ஓரமாகத் தொட்டுவிட்டு ஓடினால் பெரிதாகத் தெரியாது. சி, எஃப் இரண்டிலும் தாராளமாக நிற்கலாம், அவை கார்டிலேயே இருக்கின்றன. ஜி, டி இரண்டும் கார்டில் இல்லை, ஆனாலும் மேலே அழகாக மிதக்கும்.

தம்பிக்கு இரண்டு வழி சொன்னேன். ஒன்று, மெட்டும் கார்டோடு சேர்ந்து இறங்குவது. "மனசு" என்பதை சுத்த தைவதத்தில் தொடங்கி த, ப, ம என்று பாடி க-வில் முடிப்பது. ஏக்கம் இரட்டிப்பாகும், ஆனால் பாடுபவர் அந்த ஐந்தரையைச் சுத்தமாகப் பிடிக்க வேண்டும். மேடையில் பதற்றத்தில் பலருக்கு அது ஆறுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் போய் நின்றுவிடும். இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி சரசாங்கி. 27-ஆவது மேளகர்த்தா. சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் த மட்டும் சுத்த தைவதமாக மாறினால் அதுதான். எஃப் மைனர் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளில் நம் கையில் இருக்கும் ஸ்வரங்களும் அவையே. மேல் ச-விலிருந்து ச, நி, த, ப என்று மெதுவாகப் பத்துத் தடவை இறங்கிப் பாடினால் நி-க்கும் த-வுக்கும் இடையே உள்ள பெரிய பள்ளம் தொண்டைக்குப் பழகிவிடும். அப்புறம் "மனசு" என்ற சொல்லில் அந்த ஸ்வரம் தானாக வந்து உட்காரும்.

இரண்டாவது வழி, மெட்டை இடிக்காத ஸ்வரத்துக்கு மாற்றுவது. த-வுக்குப் பதிலாக மேல் ச-வில் தொடங்கி ச, ப, ம என்று வந்து க-வில் முடிக்கலாம். இதில் பாடகர் எல்லாம் வெள்ளைக் கட்டையிலேயே பாடுகிறார், வருத்தம் முழுவதும் கீபோர்டிலிருந்து வருகிறது. எனக்கு இது அதிகம் பிடிக்கும். பாடுபவர் நம்பிக்கையோடு பாட, கீழே இசை மட்டும் "வர மாட்டார்" என்று சொல்வதைப் போல இருக்கும்.

எங்கே வைப்பது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஃப் மேஜர் முதலில், எஃப் மைனர் அடுத்து, உடனே சி. இந்த வரிசை ஒருபோதும் கைவிடாது. நடுவில் ஜி போட்டு எஃப், எஃப் மைனர், ஜி, சி என்றும் வரலாம். ஐந்தரை ஐந்துக்கு இறங்குவது ஜி கார்டிலேயே நடந்துவிடும், ஆனால் முடிவு கொஞ்சம் உறுதியாக, பளிச்சென்று இருக்கும். ஏங்கும் வரிக்கு நேரே சி-க்குப் போவதே பொருத்தம்.

கால அளவைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு பார், அதிகமானால் இரண்டு பார். நாலு பார் எஃப் மைனரிலேயே உட்கார்ந்துவிட்டால் காது எஃப்-ஐயே ச என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அது இரவல் இல்லை, குடியேறுவது. கூடவே சி மைனரும் வந்து, க இறங்கிவிட்டால் பாட்டு மைனருக்கு மாறிவிட்டது என்றே அர்த்தம். அதுவும் நல்ல உத்திதான், ஆனால் வேறு உத்தி. சந்தேகம் வந்தால் கார்டு ஒலித்து முடிந்ததும் வாத்தியத்தை நிறுத்திவிட்டு ச, க இரண்டையும் வாயால் பாடிப் பாருங்கள். பழைய ச-வும் பழைய க-வும் யோசிக்காமல் வந்தால் நீங்கள் இன்னும் மேஜர் வீட்டில்தான் இருக்கிறீர்கள்.

பக்கத்து வீட்டில் வேறு சாமான்களும் உண்டு. பி ஃபிளாட் மேஜர் நி-யை மட்டும் இறக்குகிறது. அதில் ஏக்கம் இருக்காது, வெட்டவெளிச் சாலையில் போவது மாதிரி ஒரு விரிவு இருக்கும். ஏ ஃபிளாட் மேஜர் த, க இரண்டையும் இறக்குவதால் கனம் அதிகம். ஏ ஃபிளாட், பி ஃபிளாட், சி என்று ஏறி முடித்தால் கம்பீரமாக வந்து இறங்கும். ஆனால் க-வைத் தொடும் கார்டுகளை எஃப் மைனர் கைக்கும் காதுக்கும் பழகிய பிறகு எடுத்துக்கொள்வது நல்லது.

சுருதி மாறினால் என்ன செய்வது? நாலாவது கார்டை எடுத்து, அதன் நடு ஸ்வரத்தை அரை இறக்க வேண்டும், அவ்வளவுதான். ஜி மேஜர் பாட்டில் நாலாவது சி, அதை சி மைனர் ஆக்க ஈ இறங்கி ஈ ஃபிளாட் ஆகும். டி மேஜரில் நாலாவது ஜி, பி இறங்கி பி ஃபிளாட் ஆகும். டிரான்ஸ்போஸ் பட்டனை நம்பி எல்லாப் பாட்டையும் சி-யிலேயே வாசிப்பவர்கள் கூட இந்த இரண்டையாவது கையால் வாசித்துப் பழகினால் கிட்டார்காரரோடு பேச வசதியாக இருக்கும்.

கிட்டார்காரர் என்றதும் மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி நினைவுக்கு வருகிறது. கார்டு நோட்டை எழுதியது நான். ஒரு பாட்டில் எஃப்-க்குப் பக்கத்தில் போட வேண்டிய சின்ன எம் எழுத்தை விட்டுவிட்டேன். நான் மனப்பாடமாக எஃப் மைனர் வாசித்தேன், கிட்டார்காரர் நோட்டைப் பார்த்து எஃப் மேஜர் வாசித்தார். ஆறும் ஐந்தரையும் ஒரே நேரத்தில் பெரிய ஸ்பீக்கரில் ஒலித்தன. பாடிக்கொண்டிருந்த அக்கா அந்த இடத்தில் சுருதியைத் தேடி ஒரு சொல்லை விழுங்கிவிட்டார். மறுபடி பல்லவி வந்தபோதும் அதே இடத்தில் அதே இடி. பேஸ் வாசித்தவருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் இரண்டு கார்டுக்கும் பேஸ் எஃப்-தான். தவறு என்னுடையது. அதிலிருந்து இரவல் கார்டு வரும் இடத்தை நோட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஒத்திகையில் அந்த ஒரு பாரை மட்டும் எல்லோரையும் தனியாக வாசிக்கச் சொல்லிவிடுகிறேன்.

தம்பி அடுத்த ஞாயிறு பாட்டை முடித்துக்கொண்டு வந்தார். அந்த இரண்டு வரி பாட்டில் மூன்று தடவை வருகிறது. முதல் தடவை பழைய எஃப் மேஜரையே வைத்திருந்தார், மெட்டும் பழையபடி த, ப, ம. இரண்டாவது தடவை எஃப் மைனர், குரல் மேல் ச-விலிருந்து இறங்குகிறது. கடைசித் தடவைதான் "மனசு" என்பதைச் சுத்த தைவதத்தில் தொடங்கினார். ரிதத்தை நிறுத்திவிட்டு, வலது கைக் கார்டை மட்டும் பிடித்துக்கொண்டு பாடினார். ஐந்தரை கொஞ்சம் நடுங்கியது, ஆனால் பிசகாமல் ஐந்துக்கு வந்து சேர்ந்தது.